இன்க்லைன் போட்டால் தோள்தான் எரிகிறது, மேல்நெஞ்சு எங்கே?

மாலைஷிஃப்ட்

பிளாட் பெஞ்ச்ல 70 கிலோ 8 ரெப்ஸ் சுத்தமா வருது. இன்க்லைன்ல 45 கிலோ வச்சாலே எட்டாவது ரெப்ல திணறுறேன். வாரம் ரெண்டு நாள், ஆறு மாசமா இதே கதை. அடுத்த நாள் வலிக்கிறது தோளோட முன்பக்கம் மட்டும்தான். காலர் எலும்புக்குக் கீழ அழுத்திப் பார்த்தா ஒரு வலியும் இல்ல, அந்த இடம் குழியாவே இருக்கு.

எங்க பெஞ்ச்ல நாலு ஓட்டை இருக்கு, நான் மூணாவதுல பின் சொருகிப் போடுறேன். மேல் ஃபைபருக்கு வேலை கொடுக்கணும்னா சாய்வைக் கூட்டுன்னு மாஸ்டர் சொல்றார். கூட்டினா எரிச்சல் இன்னும் தோளுக்குத்தான் போகுது. எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்க.

புரோட்டீன்_பொரியல்

சிம்பிள் ப்ரோ. இன்க்லைன்னா மேல், பிளாட்னா நடு, டிக்ளைன்னா கீழ். மூணும் தனித்தனி மசில், ஒண்ணுக்குப் போடுறது இன்னொண்ணுக்குப் போகாது. உங்களுக்கு மேல் மசில் வீக்கா இருக்கு, அதான் தோள் இழுத்துக்குது. வெயிட்டைப் பாதியாக்கி, கண்ணை மூடி ஃபீல் பண்ணிப் போடுங்க. மாஸ்டர் சொன்னது சரிதான்.

தண்டால்

பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும் தம்பி. ஒண்ணு, மூணாவது ஓட்டைன்னா எத்தனை டிகிரி? ஒவ்வொரு கம்பெனி பெஞ்ச்லயும் அது வேற வேற. போன்ல மட்டம் பார்க்கிற ஆப் இருக்கும், போனை முதுகுப் பலகை மேல நீளவாட்டுல வச்சு நாலு ஓட்டைக்கும் அளந்து போடுங்க. தரை சமமா இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்குங்க, பழைய கட்டிட ஜிம்ல ரெண்டு மூணு டிகிரி அங்கேயே போயிடும்.

ரெண்டு, பார் கீழ வரும்போது நெஞ்சுல எங்க தொடுது? காலர் எலும்புலேர்ந்து எத்தனை விரல் கீழன்னு கணக்கு வச்சுச் சொல்லுங்க.

பொரியல் தம்பிக்கு: தனித்தனி மசில் இல்ல, ஒரே மசில். அது விசிறி மாதிரி. ஒரு பக்கம் காலர் எலும்போட உள்பாதியிலேர்ந்து கிளம்புது. இன்னொரு பக்கம் நடு நெஞ்செலும்பு, விலாக் குருத்தெலும்பு இங்கேயெல்லாம் இருந்து கிளம்புது. ரெண்டும் சேர்ந்து மேல்கை எலும்புல ஒரே தசைநாணா முடியுது. எந்த சாய்வுல படுத்தாலும் முழு மசிலும் வேலை செய்யும். யாருக்கு எவ்வளவு பங்குங்கிறதுதான் மாறும். ஆனா பங்கு மாறுதுங்கிற வரைக்கும் நீங்க சொன்னது சரி.

மீட்டே_மணி

அந்தப் பங்கு கூடப் பெருசா மாறுறதில்ல. 1995ல வந்த, தசையோட மின்சாரத்தை அளக்கிற ஈ.எம்.ஜி. ஆய்வுலேயே சொல்லியாச்சு, இன்க்லைன்லயும் பிளாட்லயும் காலர் எலும்புப் பகுதியோட இயக்கம் ஏறத்தாழ ஒண்ணுதான், டிக்ளைன்லதான் அது குறையுது. இன்க்லைன்ல கூடினது முன்தோள். அந்த நேரத்தைப் பிளாட்டுக்குக் கொடுத்து 70ஐ 100 ஆக்கினா மேல்நெஞ்சு தன்னால வரும். பவர்லிஃப்டர் யாரும் குழிவிழுந்த நெஞ்சோட நிக்கிறதில்ல.

தண்டால்

மணி, அந்த ஆய்வு உண்மைதான். ஆனா கதை அதோட முடியல. 2020ல ஸ்பெயின்ல 0, 15, 30, 45, 60னு அஞ்சு சாய்வை வச்சு அளந்தாங்க. மேல் பகுதிக்கு உச்சம் 30ல வந்தது. நடுவுக்கும் கீழுக்கும் உச்சம் பிளாட்ல. 60ல முன்தோள் முதலிடம். ஈ.எம்.ஜி. ஒரு நிமிஷ மின்சாரத்தைத்தான் காட்டும், வளர்ச்சியைக் காட்டாதுன்னு நீங்க சொல்வீங்க, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா அதே 2020ல பிரேசில்ல 8 வாரம் பயிற்சி கொடுத்து, அல்ட்ராசவுண்ட்ல தடிமன் அளந்தாங்க. இன்க்லைன் போட்டவங்களுக்கு ரெண்டாவது விலா இடைவெளியில, அதாவது இந்தத் தம்பி குழின்னு சொல்ற இடத்துக்குப் பக்கத்துல, கூடுதலா ஏறியிருந்தது. அவங்க எல்லாம் புதுசா பயிற்சிக்கு வந்தவங்க, வாரம் ஒரு நாள்தான் போட்டாங்க. 70 கிலோ போடுற ஆளுக்கு அதே அளவுல வரும்னு நான் சொல்லல.

ஆய்வையெல்லாம் விட்டுடுங்க. உட்கார்ந்த இடத்துலேயே பார்க்கலாம். மேசைக்கு எதிர்ல உட்கார்ந்து, வலது உள்ளங்கையைப் பலகைக்கு அடியில வச்சு மேல்நோக்கித் தள்ளுங்க. இடது கை விரல் வலது காலர் எலும்புக்குக் கீழ இருக்கட்டும். அங்க ஒரு பட்டை விறைக்கும், மார்புக்காம்புக்குப் பக்கத்துல தொளதொளன்னு இருக்கும். இப்ப கையைப் பலகை மேல வச்சுக் கீழ்நோக்கி அழுத்துங்க. மேல் பட்டை தளர்ந்து கீழ்ப்பகுதி விறைக்கும். கையை முன்னால மேலே தூக்குற வேலையில மேல் நார்கள் இழுக்கும், கீழ் நார்களால உதவ முடியாது, ஏன்னா அவை இழுக்கிற திசையே கீழ்நோக்கி. சாய்வு கூடக் கூட பெஞ்ச் பிரஸ் அந்த முதல் வேலை மாதிரி ஆகுது. அதனாலதான் கீழ்நார் விலகி மேல்நாருக்குச் சுமை வருது.

ஆனா முன்தோளும் அதே தூக்குற வேலைக்காரன். சாய்வு ஒரு அளவைத் தாண்டினா மேல்நாரை விட அவனுக்கு நெம்பு வசதி. கூட்டினா நல்லதுன்னு மாஸ்டர் சொல்றது ஒரு எல்லை வரைக்கும்தான் சரி.

கீழ்க்கவலை

என் பிரச்சினையும் இதேதான் சார். எனக்கு லோயர் செஸ்ட் தொங்குது, டி-ஷர்ட் போட்டா கூர்மையா தெரியுது. டிக்ளைன் எத்தனை செட் போட்டா கரையும்?

இளங்கொடி

இது வேற கேள்வி தம்பி. தொங்குறது தசை இல்ல, தசைக்கு மேல இருக்கிற கொழுப்பு. எந்தக் கோணத்துல தள்ளினாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையாது, உடம்பு மொத்தமா இளைக்கும்போதுதான் அதுவும் குறையும். ஒண்ணு மட்டும் பாருங்க. காம்புக்கு அடியில ரெண்டு விரலால பிடிச்சா ரப்பர் வில்லை மாதிரி கெட்டியா, தொட்டா வலியோட எதுவும் இருந்தா அது கொழுப்பு இல்ல, சுரப்பியா இருக்கலாம். அதை டாக்டர்கிட்ட காட்டுங்க, ஜிம்ல தீராது.

மற்றபடி இங்க பேசுறது சாய்வைப் பத்தி. தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

மாலைஷிஃப்ட்

அளந்துட்டேன் அண்ணே. முதல் ஓட்டை 18, ரெண்டாவது 34, மூணாவது 51, நாலாவது 68. தரை சமம்தான். 45ன்னு நினைச்சு இத்தனை நாள் 51ல போட்டிருக்கேன். பார் தொடுறது காம்பு மட்டத்துல, காலர் எலும்புலேர்ந்து ஒரு ஏழு விரல் கீழ. பிளாட்லயும் அங்கதான் தொடும், அதனால அதையே பழக்கமா வச்சிருந்தேன்.

மேசை சோதனை போட்டுப் பார்த்தேன். நிஜமாவே காலர் எலும்புக்குக் கீழ ஒரு கயிறு மாதிரி எழும்புது! அங்க மசிலே இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

தண்டால்

ரெண்டு தப்பும் ஒண்ணா சேர்ந்திருக்கு.

முதல்ல 51. அது ஷோல்டர் பிரஸ்ஸுக்குப் பக்கத்து வீடு. பின்னை ரெண்டாவது ஓட்டைக்கு மாத்துங்க, 34 போதும்.

அடுத்தது தொடுற இடம். பிளாட்ல காம்பு மட்டத்துக்கு வந்து, மேல ஏறும்போது லேசா பின்னால வளைஞ்சு தோளுக்கு நேரா முடியும். அது சரி. சாய்வுல அதே இடத்துக்குக் கொண்டுவந்தா பார் தோளை விட்டு ரொம்ப முன்னால தொங்கும். பக்கவாட்டுல இருந்து ஒருத்தரை வீடியோ எடுக்கச் சொல்லுங்க, கீழ நிக்கிற நேரத்துல முழங்கை பாருக்குப் பின்னால போய், முன்கை செங்குத்தா இல்லாம முகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். அந்த நிலையிலேர்ந்து பாரைத் திரும்பத் தோளுக்கு நேரா இழுத்துவர்ற வேலை முழுக்க முன்தோளுக்கு. உங்க எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

காலர் எலும்புலேர்ந்து மூணு நாலு விரல் கீழ தொடட்டும். முழங்கை கையோட நேர் கீழ இருக்கணும், முன்கை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் செங்குத்து. மேல்கையை உடம்போட ஒட்டவும் வேண்டாம், சிலுவை மாதிரி விரிக்கவும் வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல. பார் போற பாதை பிளாட்டை விட நேரா இருக்கும், கிட்டத்தட்ட லிஃப்ட் ஏறி இறங்குற மாதிரி. பார் முகத்துக்கு மிக அருகில போகுதேன்னு முதல் வாரம் பயமா இருக்கும். அந்த பயத்துலதான் நிறைய பேர் முன்னால தள்ளிடுறாங்க.

மீட்டே_மணி

சாய்வு 34ன்னு பெஞ்ச்தான் சொல்லுது. நெஞ்சு என்ன சொல்லுது? முதுகை வில்லா வளைச்சா அந்த 34 காணாமப் போயிடும். இன்க்லைன்ல பெரிய வெயிட் தூக்குறேன்னு சொல்ற பாதிப் பேர் இடுப்பை சீட்டை விட்டுத் தூக்கிப் பிளாட்தான் போடுறாங்க.

தண்டால்

இது ரொம்பச் சரியான இடம், நான் விட்டுட்டேன். மசில் ஒட்டியிருக்கிறது விலாக்கூட்டுல, பெஞ்ச்ல இல்ல. அதனால கணக்குல வர்றது விலாக்கூடோட சாய்வு.

மாலைஷிஃப்ட், இன்னொரு அளவு எடுங்க. ரெண்டாவது ஓட்டையில வெறும் உடம்போட படுத்து, போனை நடு நெஞ்செலும்பு மேல வச்சு, முதுகைத் தளர்த்தி ஒரு தடவை, பார் பிடிக்கிற மாதிரி வளைச்சு ஒரு தடவை பக்கத்துல இருக்கிறவரைப் படிக்கச் சொல்லுங்க. தனியா வர்ற எண்ணை நம்பாதீங்க. நெஞ்செலும்பே மேல்முனை உள்வாங்கி, கீழ்முனை தூக்கலா இருக்கிற எலும்பு, அதனால பெஞ்ச் 34ன்னாலும் அது குறைச்சலாத்தான் காட்டும். ரெண்டு எண்ணுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் மட்டும்தான் நமக்கு வேணும்.

மணி, இதுல உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கு. பவர்லிஃப்டிங் மீட்ல போடுற பெரிய வளைவோட உங்க பிளாட் உண்மையில ஒரு டிக்ளைன். அதைப் போட்டா மேல்நெஞ்சு தன்னால வரும்னு சொல்றது இடிக்குது.

மீட்டே_மணி

இடிக்கல. என் வேலை பாரைக் குறைஞ்ச தூரத்துல மேல கொண்டுபோறது, குழியை நிரப்புறது இல்ல. வளைவில்லாம போடுற பிளாட்டைப் பத்தித்தான் சொன்னேன். அதுல கை கொஞ்சம் குறுக்கிப் பிடிச்சா மேல்கை உடம்புப் பக்கம் வரும், தள்ளுறது முன்னால தூக்குற மாதிரி ஆகும், மேல்நாரும் சேரும். இன்க்லைனே போடாம இதை மட்டும் வச்சு ஓட்டுறவங்க உண்டு. ஆனா ஒண்ணு, அதுல ட்ரைசெப்ஸ் முதல்ல களைச்சுப் போயிடும், நெஞ்சுக்கு முன்னாடி செட் முடிஞ்சிடும். அதை ஒத்துக்கிறேன்.

மாலைஷிஃப்ட்

தளர்த்தினா 21, வளைச்சா 9. பன்னிரண்டு டிகிரி போகுது. அப்ப 34ங்கிறது எனக்கு 22 மாதிரிதானா? மூணாவது ஓட்டைக்கே திரும்பிடவா?

தண்டால்

வேண்டாம். 51ல பன்னிரண்டு போனா 39ன்னு காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா சாய்வு கூடினா உடம்பு கீழ வழுக்கும். ஒவ்வொரு ரெப்புக்கும் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமா முன்னால நகரும், எட்டாவது ரெப்ல எந்தக் கோணத்துல இருக்கோம்னே தெரியாது. ரெண்டாவது ஓட்டையிலேயே இருந்து வளைவைக் குறைங்க. தோள்பட்டைப் பலகைகளைப் பின்னால இழுத்துக் கீழ வைக்கிறது மட்டும் போதும், நடுமுதுகைத் தூக்க வேண்டாம். சீட்டுக்கும் சாய்வு வைக்கிற பெஞ்ச்னா அதை ஒரு ஓட்டை உயர்த்துங்க, வழுக்கல் நின்னுடும். நாலஞ்சு டிகிரி போனாப் போகட்டும்.

வெயிட்டுக்கு வருவோம். 70 கிலோ 8 ரெப்ஸ்னா ஒரே ஒரு ரெப்புக்கு உங்களால ஏறத்தாழ 88 முடியும். 30ஐ ஒட்டின சாய்வுல பெரும்பாலானவங்களுக்கு அதுல முக்கால்லேர்ந்து 85 சதவீதம் வரும். 80 சதவீதம்னு வச்சா ஒரு ரெப்புக்கு 70 கிலோ. அதே கணக்குல 8 ரெப்ஸ் போடணும்னா 56 கிலோ பக்கம் வரும். ஆனா தொடுற இடமும் பாதையும் புதுசு, அதனால பாரையும் சேர்த்து 50ல ஆரம்பிங்க. 20 கிலோ பார்னா பக்கத்துக்கு 15. மூணு செட்டும் 8 வந்தா அடுத்த வாரம் மொத்தம் 2.5 கூட்டுங்க. செட் முடியும்போது இன்னும் ரெண்டு ரெப் போட முடியும்ங்கிற இடத்துல நிறுத்துங்க. கடைசி ரெப்ல பார் முன்னால ஓடினா அந்த வெயிட் இன்னும் உங்களுக்கு வரலன்னு அர்த்தம்.

வட்டக்கச்சி

அண்ணை, எங்கட ஜிம்மில ஒரேயொரு இன்க்லைன் பெஞ்ச்தான் இருக்கு. வெல்ட் பண்ணி வச்சிருக்கினம், அளந்து பாத்தன், 45. இறக்க வழியே இல்லை. சீட் பக்கத்துக் காலுக்குக் கீழ பிளேட் வச்சு உயர்த்தினா சாய்வு குறையும் எண்டு ஒரு பெடியன் சொல்லுறான். கால்களுக்கு இடையில தூரம் 110 சென்ரிமீற்றர். சரி வருமோ?

தண்டால்

கணக்கு சரியா வரும். 10 சென்டிமீட்டர் உயர்த்தினா 5 டிகிரி குறையும், 20 உயர்த்தினா 10 டிகிரி கிட்ட. ஆனா பார் மாட்டுற தூணும் அதே பெஞ்ச்ல வெல்ட் ஆகியிருந்தா அதைச் செய்யவே கூடாது. பெஞ்ச் சாயும்போது தூணும் கொக்கியும் சேர்ந்து பின்னால சாயும், பார் மாட்டுற இடம் தவறும். தூண் தனியா இருந்தாலும் இரும்பு பிளேட் மேல இரும்புக் கால் வழுக்கும்.

நான் சொல்றது இதுக்கு நேர்மாறு. பிளாட் பெஞ்ச்சை எடுத்து, தலைப்பக்கத்துக் காலுக்கு அடியில ரப்பர் பிளேட் ரெண்டு அடுக்குங்க. கால் அகலமா இருந்து பிளேட்டோட நடுவுல முழுசா உட்காரணும். 16 சென்டிமீட்டர் வந்தா 8 டிகிரி சாய்வு. தம்பிள்ஸ் மட்டும், பார் வேண்டாம். 8 டிகிரி குறைவுதான், ஆனா தம்பிள்ஸ்ல வளைவில்லாம, மேல்கையைக் கொஞ்சம் உடம்புப் பக்கம் வச்சுத் தள்ளினா மேல்நாருக்கு நல்லாவே எட்டும். கேபிள் இருந்தா கீழ் புல்லியிலேர்ந்து முகவாய் மட்டத்துக்குக் கொண்டுவர்ற ஃப்ளை போடுங்க, அந்த நார் ஓடுற திசையே அதுதான்.

வட்டக்கச்சி

தூணும் பெஞ்சும் ஒண்டுதான். அப்ப அந்த வேலை வேண்டாம். கேபிள் இருக்கு, அதைச் செய்து பாக்கிறன். நன்றி அண்ணை.

புரோட்டீன்_பொரியல்

எனக்கு ஒரு டவுட். இவ்ளோ பேசுறீங்க, அப்ப பிளாட்டை விட்டுட்டு 30ல மட்டும் போட்டா மேலும் வரும், நடுவும் கொஞ்சம் வரும். ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சிடுமே?

இளங்கொடி

அந்தக் கேள்வி சும்மா இல்ல. 30ல கீழ்நார் முழுசா தூங்கிடாது. ஆனா மசிலோட பெரும்பகுதி நெஞ்செலும்பு, விலாவிலேர்ந்து வர்ற அந்தக் கீழ்நார்தான். அதுக்கு அதிக சுமை கிடைக்கிறது பிளாட்ல. அதை எடுத்துட்டா இழக்கிறது பெரிய துண்டு.

பிளாட்ல ஒரு ஆபத்தும் இருக்கு, அது யாரும் சொல்லல. இந்த விசிறி மேல்கையில முடியிற இடத்துல முறுக்கிக்கிட்டு முடியும். மேலிருந்து வர்ற நார் கீழயும், கீழிருந்து வர்ற நார் பின்னால மேலயும் போய் ஒட்டும். பார் நெஞ்சைத் தொடுற நேரத்துல மேல்கை உடம்புக்குப் பின்னால போகுதே, அப்ப மிக அதிகமா இழுபடுறது கீழ்நார். பெஞ்ச் பிரஸ்ல நெஞ்சுத்தசை கிழியிறது பெரும்பாலும் பாரை இறக்கும்போதுதான், முதல்ல விடுறதும் அந்தக் கீழ்நார்தான். பாரை நெஞ்சுல குதிக்க விட்டு மேல தள்ளுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. கிழிஞ்சா டப்புன்னு ஒரு சத்தமோ உணர்வோ வரும், அக்குளோட முன்மடிப்பு மெலிஞ்சு போகும், கொஞ்ச நேரத்துலயோ அடுத்த நாளோ கையில கருநீலம் பரவும். அப்படின்னா ஐஸ் வச்சுக் காத்திருக்காம எலும்பு டாக்டரைப் பாருங்க, தசைநாணை சீக்கிரம் தைக்கிறதுதான் நல்லா பிடிக்கும்.

பழைய_ஸ்பாட்டர்

எனக்கு பிளாட் போட்டா தோளோட உச்சியில, காலர் எலும்பு முடியிற மொட்டு மேல வலிக்குது. இன்க்லைன்ல அவ்வளவா இல்ல. அதனால ரெண்டு வருஷமா இன்க்லைன் மட்டும்தான். இவங்க சொல்ற மாதிரி பிளாட்டைத் திரும்பச் சேர்க்கலாமா?

இளங்கொடி

விரலால ஒரே புள்ளியைக் காட்ட முடியுதுன்னா, கையை எதிர்த்தோளுக்குக் குறுக்கே கொண்டுபோனா அதே புள்ளி வலிக்குதுன்னா, அது காலர் எலும்பு தோளோட சேர்ற மூட்டுதான். ரொம்ப நாள் கனமா பெஞ்ச் போட்டவங்களுக்கு காலர் எலும்போட முனை தேய்ஞ்சு போறதுண்டு. எக்ஸ்ரேயில தெரியும், எடுத்துடுங்க.

அதுவரைக்கும் ரெண்டு மாத்தம். கைப்பிடியைக் குறுக்குங்க, தோள் அகலத்துல ஒன்றரை மடங்குக்கு மேல போகவே கூடாது. அடுத்து, பாரை நெஞ்சு வரைக்கும் இறக்காதீங்க, நாலஞ்சு சென்டிமீட்டர் மேலயே நிறுத்துங்க. சுருட்டின துண்டை நெஞ்சு மேல வச்சா அளவு தவறாது. மேல்கை உடம்புக்குப் பின்னால போகாத வரைக்கும் அந்த மூட்டு பொறுத்துக்கும். அப்பவும் வலிச்சா பிளாட் வேண்டாம், அடம் பிடிக்காதீங்க.

பழைய_ஸ்பாட்டர்

நல்லது மேடம். ஒண்ணு என் பேருக்கு ஏத்த மாதிரி சொல்லிடுறேன். இன்க்லைன்ல பார் கொக்கி தலைக்குப் பின்னால ரொம்ப மேல இருந்தா, எடுக்கும்போதே கை முழுசா நீண்டு தோள்பட்டை பெஞ்ச்சை விட்டுக் கிளம்பிடும். பின்னால இழுத்து வச்சதெல்லாம் அங்கேயே அவிழ்ந்துடும். படுத்தவுடனே முழங்கை லேசா மடங்கி பார் கைக்கு எட்டணும். எட்டலன்னா சீட்டை மேல ஏத்துங்க, இல்ல ஒருத்தர் பாரை எடுத்துக் கொடுக்கட்டும். எடுத்துக் கொடுக்கிறவர் மேல தூக்காம, முன்னால நகர்த்திக் கொடுக்கணும்.

மாலைஷிஃப்ட்

நாலு வாரம் ஆச்சு, கணக்கைப் போட்டுடுறேன். ரெண்டாவது ஓட்டை, 34. முதல் வாரம் 50 கிலோ மூணு செட்டும் 8 வந்தது. ரெண்டாவது வாரம் 52.5, அதுவும் வந்தது. மூணாவது வாரம் 55ல 8, 7, 6. நாலாவது வாரம் அதே 55ல 8, 8, 7. திங்கள் இன்க்லைன் முதல்ல, பின்னால பிளாட் தம்பிள்ஸ் மூணு செட். வியாழன் பிளாட் பார் முதல்ல, பின்னால இன்க்லைன் தம்பிள்ஸ்.

வலி இப்ப காலர் எலும்புக்குக் கீழ வருது. தோள் எரிச்சல் பாதியாச்சு, முழுசா போகல. வீடியோ பார்த்தேன், கடைசி ரெண்டு ரெப்ல பார் இன்னும் முன்னால ஓடுது. பார் எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் வருது, அது பெஞ்ச்ல உட்கார்ற விதமா, வேற எதுவுமான்னு தெரியல.

தண்டால்

கடைசி ரெண்டு ரெப்ல ஓடுதுன்னா 55ஐ இன்னும் ரெண்டு வாரம் வச்சுக்குங்க. மூணு செட்டும் 8 வந்தாலும், பார் ஓடாம வந்தாத்தான் ஏத்தணும். வியாழன் தம்பிள்ஸை முதல் ஓட்டையில, 18ல போட்டுப் பாருங்க. ரெண்டு கோணத்துல எது உங்களுக்கு நல்லா எட்டுதுன்னு அதுல தெரியும். சிலருக்கு 15, 20லேயே மேல்நார் நல்லா பிடிச்சுக்கும்.

மீட்டே_மணி

18ல போட்டா அது பிளாட்தான், வெறும் பேரு மாத்தம். நான் சொன்ன குறுக்குப் பிடியையும் ஒரு மாசம் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்.

வலப்பக்கம் தாழுறதுக்கு: பார்ல கைக்கு அடையாளம் போட்ட வளையக்கோடு இருக்கே, ரெண்டு கையோட சுண்டுவிரலும் அதுலேர்ந்து ஒரே தூரத்துல இருக்கான்னு பாருங்க. முக்கால்வாசிப் பேருக்கு அங்கதான் ஒரு விரல் தள்ளியிருக்கும். அது சரியா இருந்தா பின்னாலிருந்து, தலைப்பக்கம் நின்னு ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க, பக்கவாட்டு வீடியோவுல இது தெரியாது.

மாலைஷிஃப்ட்

வளையத்தை இதுவரைக்கும் பார்த்ததே இல்ல அண்ணே. திங்கள்கிழமை பார்த்துட்டு, வீடியோவும் போடுறேன்.